கேட் பாதியில் திரும்புகிறது என்றால் ஃபோர்ஸ் திருகைக் கூட்ட விடாதீர்கள்

போன மாதம் ஒரு காலை, பேப்பர் போடும் தம்பியின் சைக்கிள் எங்கள் வீட்டு மோட்டார் கேட்டில் மாட்டிக்கொண்டது. தம்பி குதித்து இறங்கிவிட்டான். பின்சக்கரம் ஜாங்கிரி மாதிரி வளைந்துவிட்டது. அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது, கேட் நிற்காததுதான். சைக்கிளைத் தூணோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு மோட்டார் முக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே ஓடி ரிமோட்டை எடுத்து அழுத்திய பிறகுதான் விட்டது.

இத்தனைக்கும் "கை பட்டாலே திரும்பிடும் மேடம்" என்று சொல்லி விற்ற மோட்டார் அது. விற்ற அன்று பொய் சொல்லவில்லை. அன்று நிஜமாகவே திரும்பியது. பிறகு சர்வீஸுக்கு வந்தவர்தான் அதைக் கெடுத்தார், 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே வேலையைப் பலரும் செய்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

மடிப்பாக்கத்தில் வீடு. தண்டவாளத்தில் பக்கவாட்டில் ஓடும் 12 அடி இரும்பு கேட், எடை சுமார் 350 கிலோ. 24 வோல்ட் டிசி மோட்டார், கரண்ட் போனால் ஓட்ட பேட்டரி, வழியில் குறுக்கே ஏதாவது நின்றால் கண்டுபிடிக்கும் போட்டோசெல் இரண்டு, பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. நவம்பர் மழைக்குப் பிறகு ஆரம்பித்தது. ராத்திரி கேட்டை மூடிவிட்டுப் படுப்போம். காலையில் எழுந்து பார்த்தால் அகலத் திறந்து கிடக்கும், போர்டிகோவில் தெரு நாய் ஒன்று கால்நீட்டிப் படுத்திருக்கும். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

போன் செய்ததும் ஒருவர் வந்தார். மோட்டார் பெட்டி மூடியைத் திறந்தார், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டில் இருந்த இரண்டு குட்டித் திருகுகளை டெஸ்டரால் வலது பக்கம் முழுக்கத் திருப்பினார், மூடினார். "சென்சிட்டிவிட்டி ஜாஸ்தியா இருந்துச்சு மேடம், அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்." ஐந்து நிமிட வேலை. தண்டவாளத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கேட் ஒழுங்காக மூடியபடி இருந்தது. நானும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன், சைக்கிள் மாட்டும் வரை.

என் மாமா லிஃப்ட் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்தவர். விஷயம் கேட்டதும் பல்லாவரத்திலிருந்து கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, திரும்பினப்போ எந்த இடத்துல திரும்புச்சு?" அதை நான் கவனிக்கவே இல்லை. சர்வீஸ்காரரும் கேட்கவில்லை. மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

டிசி மோட்டாரில் சுமை கூடினால் கரண்டும் அதே கணக்கில் கூடும். போர்டு அதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக ஓடும்போது எங்கள் மோட்டார் 2 ஆம்பியர் இழுக்கிறது. ஏதாவது தடுத்தால் சட்டென்று ஏறும். வைத்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் போர்டு 'தடை' என்று முடிவு செய்து கேட்டைப் பின்னால் அனுப்பும். கிளம்பும் நொடியில் மோட்டார் எப்படியும் 6, 7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், முதல் ஒரு விநாடி போர்டு கண்ணை மூடிக்கொள்ளும். அந்த ஒரு விநாடிக்குள் ஏதாவது மாட்டினால் அதற்குத் தெரியாது. திருகு சரியாக இருந்தாலும் இந்தக் குறை உண்டு.

ஆனால் போர்டுக்குக் கரண்ட் ஏறியது மட்டும்தான் தெரியும். ஏன் ஏறியது என்று தெரியாது. குழந்தையின் கால் தடுத்தாலும் ஒன்றுதான், தண்டவாளத்தில் சேறு தடுத்தாலும் ஒன்றுதான், சுவரோரம் அடித்திருக்கும் இரும்பு ஸ்டாப்பர் தடுத்தாலும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் தடுத்தது ஸ்டாப்பர். அது கடைசிக் காப்பு, கேட் தினமும் அதில் போய் மோதக் கூடாது. அதற்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே லிமிட் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்த வேண்டும். எங்களுடையது காந்த வகை. கேட்டின் பல் ரேக்கில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு காந்தம், மோட்டார் பெட்டிக்குள் அதை உணரும் ஸ்விட்ச். காந்தம் எதிரே வந்ததும் மோட்டார் நிற்கும். இடைவெளி 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கைப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. மாமா அளந்தார், 8 இருந்தது. "சரியா இருக்கே" என்றேன். கேட்டின் மேல்பக்கத்தைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்காட்டினார். 18 ஆயிற்று. மேலே கேட்டை நிமிர்த்திப் பிடிக்கும் கைடு ரோலர் தேய்ந்து கேட் ஆடுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறதோ அதைப் பொறுத்து ஒரு நாள் காந்தம் தெரியும், ஒரு நாள் தெரியாது. தெரியாத நாளில் கேட் ஸ்டாப்பரில் மோதும், கரண்ட் ஏறும், போர்டு தடை என்று நினைத்துத் திறந்துவிடும். நாய் உள்ளே வரும்.

ஆக, தடை உணர்வில் ஒரு கோளாறும் இல்லை. அது தன் வேலையைச் செய்தது. கோளாறு லிமிட்டில். சர்வீஸ்காரர் முடக்கியதோ ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பகுதியை.

முடக்கியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இரண்டு திருகில் ஒன்று மோட்டார் எவ்வளவு பலமாகத் தள்ளலாம் என்பதற்கான கட்டுப்பாடு. மற்றது எத்தனை ஆம்பியரில் தடை என்று முடிவு செய்ய வேண்டும் என்பது. இரண்டையும் முழுக்க ஏற்றியிருந்தார். கைப்புத்தக அட்டவணைப்படி இரண்டாவது திருகின் கடைசி நிலை 12 ஆம்பியர். மாமா தூணுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்து கேட்டை மூட விட்டு, கிளாம்ப் மீட்டரில் பார்த்தார். மோட்டார் சுழலவே முடியாமல் முட்டி நின்றபோதும் இழுத்தது 10 ஆம்பியர்தான். கோடு 12இல், ஏறக்கூடிய உச்சமே 10. யார் மாட்டினாலும் அந்தக் கோட்டைத் தொடப்போவதில்லை. மெயினை அணைத்து பேட்டரியில் ஓட்டியபோது, வோல்ட் இறங்கியதால் முட்டி நின்ற கரண்ட் 8தான். அப்படியென்றால் 9இல் வைத்திருந்தால்கூடக் கரண்ட் இல்லாத நேரத்தில் கேட் குருடுதான். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

கேட் "சரியான" மர்மமும் இதுதான். லிமிட் தவறிய நாட்களில் அது ஸ்டாப்பரில் மோதி, திரும்பாமல், போர்டின் நேரக் கணக்கு முடியும் வரை 40 விநாடி அப்படியே தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூடிய கேட். உள்ளே பல் சக்கரம் அரைபட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

எவ்வளவு பலமாகத் தள்ளியது என்று பார்க்க, வீட்டில் எடை பார்க்கும் பழைய முள் மெஷினைத் தூணில் நிமிர்த்திக் கட்டி, முன்னால் பலகை வைத்தோம். முள் 70 கிலோவில் போய் நின்றது, நின்றபடியே இருந்தது. ஐரோப்பியத் தரத்தில் இப்படி மூடும் ஓரத்துக்குக் கணக்கு உண்டு. இடைவெளி 50 முதல் 500 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் மோதும் விசை 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோவைத் தாண்டக் கூடாது. முக்கால் விநாடிக்குள் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். நம் முள் மெஷின் மோதும் கணத்து உச்சத்தைப் பிடிக்காது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஆனால் தள்ளிக்கொண்டே நிற்கிறதா, விட்டுவிடுகிறதா என்பதை நன்றாகவே காட்டும். செய்து பார்ப்பவர்கள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நில்லுங்கள்.

போட்டோசெல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சைக்கிள் குறுக்கே நின்றால் அதுவல்லவா முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்? நானும் கேட்டேன். இரண்டு செல்லிலும் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், போட்டோசெல் வயர் சேர வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே அரை அங்குலச் சிவப்பு வயர் ஒன்று. செல்லுக்குப் பவர் மட்டும் போகிறது, சிக்னல் வயர் காற்றில் தொங்குகிறது. அந்தத் துண்டு வயர் இருந்தால் போர்டுக்கு எப்போதும் 'வழியில் ஒன்றும் இல்லை' என்றே தெரியும். பொருத்திய முதல் நாளிலிருந்து அப்படித்தான். பில்லில் அதற்கு 3,500 ரூபாய். உங்கள் வீட்டில் சோதிக்க ஒரு நொடி போதும்: கேட் மூடும்போது ஒரு குச்சியால் செல்லை மறையுங்கள். நிற்காவிட்டால் விளக்கு மட்டும்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

சரிசெய்தது வெல்டர் அண்ணன் ஒருவர், மாமா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. கைடு ரோலரை மாற்றினார். தெருவில் மேலே மேலே தார் போட்டு, எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. தண்டவாளத்தில் ஒரு இடத்தில் மழைச் சேறு கெட்டியாகப் படிந்திருந்தது, சுரண்டி எடுத்தார். மோட்டாரை கியரிலிருந்து விடுவித்து, லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசால் கேட்டை இழுத்துப் பார்த்தோம். சேற்றிடத்தில் முன்பு 22 கிலோ, பிறகு எல்லா இடத்திலும் 7. இந்த வேலை முடிந்த பிறகுதான் திருகைத் தொட வேண்டும் என்றார் மாமா. கேட் சுலபமாக ஓடினால்தான் கோட்டைத் தாழ்வாக வைக்க முடியும். 4.5 ஆம்பியரில் வைத்தோம். முள் மெஷின் இப்போது 25 பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் கேட் பின்வாங்குகிறது. மொத்தச் செலவு 2,200 ரூபாய், அப்புறம் பேப்பர் தம்பிக்குப் புதுச் சக்கரம்.

உங்கள் கேட் திரும்பினால் எங்கே திரும்புகிறது என்று நான்கைந்து நாள் பாருங்கள். மூடி முடிக்கும் இடத்திலேயே திரும்பினால் லிமிட்டைச் சந்தேகியுங்கள். நடுவில் எப்போதும் ஒரே இடத்தில் என்றால் தண்டவாளம் அல்லது சக்கரம். இதைக் கேட்காமல் டெஸ்டரை எடுப்பவரைத் தடுத்து, இப்போது திருகு எங்கே இருக்கிறது என்று ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

அந்த நிறுவனத்திடம் பேசினேன். 1,500 ரூபாயைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள், இன்னும் வரவில்லை. போட்டோசெல் பற்றிக் கேட்டதற்கு, "வெளி ஆள் போர்டுல கை வச்சுட்டாங்க மேடம், இனிமே வாரண்டி கிடையாது" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்த அரை அங்குலச் சிவப்பு வயரை பில்லோடு சேர்த்து பின் அடித்து வைத்திருக்கிறேன்.