பழக்கடைக்கு எந்த நோட்டு: 555-ஆ, நாள் பக்கமா, கூடைப் பக்கமா?

சுங்கை சிப்புட்டில் சாலையோரம் பழம் விற்பவர்களிடம் நோட்டே இல்லை என்று சொல்ல முடியாது. சட்டைப்பையிலோ காசு டப்பாவுக்கு அடியிலோ ஒரு 555 நோட்டு மடங்கிக் கிடக்கும். யார் எவ்வளவு பாக்கி, தவுக்கேக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் திங்கட்கிழமை எடுத்த பப்பாளியில் எத்தனை கிலோ குப்பைக்குப் போனது என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது.

இந்தக் கணக்கை எழுத மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, எல்லாவற்றையும் 555-இலேயே நடந்த வரிசைப்படி எழுதுவது. இரண்டு, பள்ளிக்கூட நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கியது, விற்றது, அழுகியது என்று மூன்று கட்டம் போடுவது. மூன்றாவது, வந்து இறங்கிய ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம். நான் இதைக் கூடைப் பக்கம் என்று சொல்வேன். ஒரே நாளில் ஒரே விலைக்கு எடுத்த பப்பாளி இரண்டு கூடையானாலும் மூன்று கூடையானாலும் ஒரே பக்கம்தான். அது தீரும்வரை அந்தப் பக்கம் திறந்திருக்கும்.

555-ஐ முதலில் ஓரமாக வைத்துவிடலாம். கடன் எழுத அதைவிட வசதியானது கிடையாது. தோட்டத்திலிருந்து வருபவர் "சம்பளம் போட்டதும் தர்றேன்" என்றால் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், காசு வந்ததும் அடித்துவிடலாம். சரக்குக் கணக்கு அதில் நிற்காது. பப்பாளி வரிக்கு அடுத்து வாழைப்பழ வரி வரும், அதற்கடுத்து யாரோ ஒருவரின் பாக்கி வரும். ஒரு பழத்தின் கதையை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நாள் பக்கத்தைத்தான் எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். சிக்கல் "விற்றது" கட்டத்தில் வருகிறது. எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் பழத்தை வெட்டித் தரச் சொல்கிறார், கையெல்லாம் சாறு. அந்த நேரத்தில் 1.3 கிலோ என்று யார் பேனா எடுத்து எழுதுவார்கள்? அன்னாசி, இளநீர் போல எண்ணி விற்பவற்றுக்கு ஒரு கோடு போட்டால் போதும், அது நடக்கும். கிலோ கணக்கில் போகும் பழத்துக்கு இரவு உட்கார்ந்து ஒரு குத்துமதிப்பு எண்ணைப் போடுவதுதான் வழக்கம். அந்த எண்ணை நம்பிச் செய்யும் கணக்கெல்லாம் வீண்.

இன்னொரு குறையும் உண்டு. திங்கட்கிழமை வாங்கிய பழம் வியாழக்கிழமைதான் முழுசாக அழுகுகிறது. நாள் பக்கத்தில் வியாழனுக்குக் கொள்முதல் காலி, அழுகல் மட்டும் இரண்டரை கிலோ. எந்தச் சரக்கில் வந்த நட்டம் என்பது மூன்று பக்கம் முன்னால் புதைந்து கிடக்கும்.

கூடைப் பக்கத்தில் விற்பனையை எழுதவே தேவையில்லை. காலையில் இருந்த எடை தெரியும். மாலையில் அழுகியதை எடை போடுகிறோம், மிச்சத்தையும் எடை போடுகிறோம். இரண்டையும் காலை எடையில் கழித்தால் வருவதுதான் போனது. பகல் முழுக்கப் பேனா தொட வேண்டாம். மூடும்போது தராசில் இரண்டு தடவை வைத்தால் போதும்.

பிரதான சாலைப் பக்கம் கடை போட்டிருக்கும் ஓர் அக்காவிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கணக்கு வாயிலேயே இருந்தது. "ரெண்டரை வெள்ளிக்கு எடுத்து நாலு வெள்ளிக்கு விக்கிறேன் தம்பி. கிலோவுக்கு ஒன்றரை நிக்குது. நாப்பது கிலோன்னா அறுபது வெள்ளி." அந்த நாற்பது கிலோ எக்ஸோட்டிகா பப்பாளிக்கு ஒரு பக்கம் போட்டோம். முடிந்தபோது அது இப்படி இருந்தது (எல்லாம் கிலோவில்):

| நாள் | காலை இருப்பு | அழுகல் | மாலை மிச்சம் | முழு விலையில் போனது | கூறு கட்டியது |
|---|---|---|---|---|---|
| திங்கள் | 40.0 | 0 | 27.5 | 12.5 | 0 |
| செவ்வாய் | 27.5 | 1.5 | 15.0 | 11.0 | 0 |
| புதன் | 15.0 | 3.0 | 4.0 | 5.0 | 3.0 |
| வியாழன் | 4.0 | 2.5 | 0 | 0 | 1.5 |

கூறு கட்டியது என்றால் கனிந்துபோனதைப் பையில் போட்டுப் பாதி விலைக்குத் தள்ளியது, கிலோ இரண்டு வெள்ளி. இதற்குத் தனிக் கட்டம் வேண்டும். கட்டும்போதே ஒரு தடவை எடை போட்டு அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டால் சரி. அதை விற்பனையோடு கலந்தால் நட்டத்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முழு விலையில் 28.5 கிலோ, 114 வெள்ளி. கூறு 4.5 கிலோ, 9 வெள்ளி. ஆக 123. கொள்முதல் 100. நின்றது 23 வெள்ளி, அதுவும் வேன் எண்ணெய்க் காசு கழிக்காமல். அறுபதில் காணாமல் போன 37 எங்கே? 7 கிலோ அழுகலை நாலு வெள்ளிக்கு விற்றிருந்தால் வந்திருக்கும் 28, கூறு கட்டியதில் விட்டுக்கொடுத்த 9. கணக்கு சென் பிசகாமல் உட்கார்ந்துவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அப்போ நான் குறைச்சு எடுக்கணுமா?" என்றார்.

அதற்கும் அதே பக்கத்தில் பதில் இருக்கிறது. முதல் இரண்டு நாளில் நல்ல விலைக்குப் போனது 23.5 கிலோ. 28 கிலோ மட்டும் எடுத்திருந்தால் 70 வெள்ளிதான் முதல். செவ்வாய் அழுகல் அதே 1.5 என்று வைத்துக்கொண்டாலும், புதன் காலையில் கையில் 3 கிலோதான் இருக்கும். அன்று 5 கிலோ முழு விலைக்குப் போயிருக்கிறது என்பதால் இந்த மூன்றும் போய்விடும். மொத்தம் 26.5 கிலோ, 106 வெள்ளி, நின்றது 36. குறைந்த முதல், கூடுதல் லாபம். நாள் பக்கம் எழுதிய நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் இது கண்ணில் பட்டிருக்காது. ஒரே ஒரு சரக்கை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது என்பதும் சரிதான். மாத முதல் வாரத்தில் சம்பளக் காசு புழங்கும்போது ஒரு மாதிரி போகும், மாலை மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வேறு மாதிரி. அதனால் வரியின் ஓரத்தில் "மழை", "சம்பளம்" என்று ஒரு சொல் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த சரக்கு எடுக்கும்போது ஒத்த வாரத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அழுகல் கட்டத்தில் எடைக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரே சொல்லில் எழுதச் சொல்வேன். முதல் நாளே கூடையின் அடியில் நசுங்கிக் கிடந்தால் அது ஏற்றி இறக்கியதில் வந்தது. "நசுங்கல்" என்று எழுதி, ஒரு படம் எடுத்து அன்றே தவுக்கேயிடம் காட்டினால் பேச இடம் உண்டு. மூன்றாம் நாள் காட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். பழம் கனியக் கனியத் தோலில் வட்டமாகக் குழிந்த புள்ளி வருகிறதா, அது பூஞ்சை நோய். தோட்டத்தில் காயாக இருக்கும்போதே தொற்றி, பழுத்த பிறகு வெளியே தெரிவது. நம் கடையில் எப்படி அடுக்கினாலும் அது நிற்காது. ஒரே இடத்துச் சரக்கில் "புள்ளி" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் வேறு இடத்தில் எடுக்க வேண்டியதுதான். புள்ளியும் இல்லை, நசுங்கலும் இல்லை, வெறுமனே கனிந்து குழைந்தது என்றால் அளவுக்கு மீறி எடுத்திருக்கிறோம்.

கூடைப் பக்கத்துக்கும் தொல்லைகள் உண்டு. பெரிய தொல்லை, பழைய சரக்கு தீருவதற்குள் புதுசு வந்து இறங்குவது. இரண்டையும் ஒரே குவியலில் கலந்தால் இரண்டு பக்கமும் செத்தது. பப்பாளிக்கு ஒரு எளிய வழி, பழைய சரக்கின் காம்பருகே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து முன்னால் அடுக்குவது. வாழைத்தாருக்குக் கயிற்றின் நிறத்தை மாற்றினால் போதும். ரம்புத்தான் காலத்தில் இதெல்லாம் ஆகாது. தினமும் வருகிறது, தினமும் போகிறது. அதற்கு நாள் பக்கமே பொருத்தம்.

அடுத்தது எடை. கூடையின் வெற்று எடையை முதலிலேயே பார்த்து, அட்டையின் உள்பக்கம் எழுதிவிட வேண்டும். தவுக்கே பில்லில் கூடை எடை கழித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழிக்காவிட்டால் முதல் நாளே இரண்டு கிலோ பிளாஸ்டிக்கைப் பழ விலைக்கு வாங்கியிருப்போம். பழம் வெயிலில் நீர் இழந்து கொஞ்சம் இளைக்கவும் செய்யும், அந்த இளைப்பும் "போனது" என்ற எண்ணிலேயே சேரும். ஆகவே காசு டப்பா அந்த எண்ணைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம்.

டப்பாவை எண்ணிப் பார்ப்பதை மட்டும் விடக் கூடாது. அன்று திறந்திருக்கும் எல்லாப் பக்கங்களிலும் போனதை விலையால் பெருக்கிக் கூட்டினால் வர வேண்டிய காசு. அதோடு ஒப்பிட வேண்டியது டப்பாவில் இருப்பது மட்டும் இல்லை. கியூஆரில் வந்ததையும் 555-இல் எழுதிய கடனையும் சேர்த்துக்கொண்டு, காலையில் போட்ட சில்லறையையும் அன்று வந்த பழைய பாக்கியையும் கழிக்க வேண்டும். கியூஆர் பணத்தை மறந்துவிட்டு, கடையில் நிற்கும் பையனைச் சந்தேகப்படுவது நடக்கிற கதைதான். எல்லாம் சேர்த்தும் நாள்தோறும் ஐந்து, ஆறு வெள்ளி குறைந்தால் ருசி பார்க்க வெட்டிக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்துப் போனது, எடைக்கு மேல் ஒரு பழம் கொசுறாகப் போட்டது என்று தேடலாம். வீட்டுக்கு எடுத்ததை எழுதிவிடுவது நல்லது. அது நட்டம் ஆகாது, ஆனால் எழுதாவிட்டால் நட்டமாகத் தெரியும்.

ஆக, பப்பாளி, வாழை, சிக்கு போல இரண்டு மூன்று நாள் நின்று கனியும் பழங்களுக்குக் கூடைப் பக்கம்தான் என் தேர்வு. அதிலும் கடையில் அதிகம் அழுகுகிற இரண்டு பழத்துக்கு மட்டும் போட்டால் போதும். பத்துப் பழத்துக்கும் போட ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும். ஆப்பிள், ஆரஞ்சு பெட்டியில் வருகிறது, மெதுவாகக் கெடுகிறது, அதற்குப் பெட்டி எண்ணிக்கையை வாரம் ஒரு முறை பார்த்தால் சரி. எண்ணி விற்பவற்றுக்கு நாள் பக்கத்தில் கோடு. கடனுக்கு 555.

டுரியான் காலம் வந்தால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அங்கே திறந்து காட்டி, பிடிக்கவில்லை என்றால் வேறு பழம் கொடுக்கிற வழக்கம் உண்டு. அதனால் அழுகலுக்குப் பக்கத்தில் "மாற்றிக் கொடுத்தது" என்று இன்னொரு கட்டம், அதில் எடையோடு பழத்தின் எண்ணிக்கையும்.