பழைய எஸ்யூவி வாங்கும்முன் டயர் அளவைப் பாருங்கள்

லாரிகளுக்கு நடுவே தாழ்வான காரில் போவதென்றாலே எனக்குப் பயம். "உயரமா உட்காருங்க மேடம், பயமே போயிடும்" என்றார் தருமபுரியில் பழைய கார் விற்பவர். ஓட்டிப் பார்க்க நாலு ரோட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. வேகம் 30-ஐத் தாண்டவில்லை. ஸ்டியரிங் ஒரு விரலுக்கே திரும்பியது, பிடித்துப்போய் அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். மீட்டரில் 60. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி உடனே கேட்கவில்லை. ஒரு கணம் கழித்து மேல்பாகம் மொத்தமாக வெளிப்பக்கம் சாய்ந்தது. பயந்து இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அது அதிகமாகிவிட, திரும்ப எடுத்தேன். இப்போது மறுபக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் அம்மா "முருகா, முருகா" என்று மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

நல்லம்பள்ளி மெக்கானிக் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். அதில் 215/65 R16. டயரிலோ 215/75 R16. "அக்கா, வண்டி உயரமாத் தெரியணும்னு மாத்தியிருக்காங்க" என்றார்.

நடு எண், டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் அதன் பக்கச்சுவர் உயரம் என்பது. 65 என்றால் சுமார் 140 மில்லிமீட்டர், 75 என்றால் 161. வண்டி 2 சென்டிமீட்டர் மேலே போய்விட்டது. ஏற்கெனவே உயரமான வண்டி, இன்னும் அதிகமாகச் சாயும். உயர்ந்த பக்கச்சுவர் வளைவில் கூடுதலாக நெளிவதால் ஸ்டியரிங் திருப்பியது சாலைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. டயர் சுற்றளவும் 6 சதவீதம் பெரிது. கம்பெனி டயரில் மீட்டர் 64 காட்டும் வேகத்தில் போனால், இதில் 60 என்றுதான் காட்டும். பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிவு வேறு, ஆட்டம் நிற்காததற்கு அது காரணம்.

சரியான டயரும் ஷாக்கும் போட்டபின் வண்டி ஒரே சாய்வில் நிலைக்கிறது. ஆனாலும் அதே வளைவில் தம்பியின் தாழ்வான செடான் போல ஒட்டிக்கொண்டு போகாது. உயரத்துக்கு அது உள்ளதுதான், நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

என்னைப் போலப் பயந்து ஓட்டுபவர்கள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேசான ஸ்டியரிங் பார்க்கிங்குக்குச் சுகம், 80-இல் அது எப்படி இருக்கும் என்பதை ஊருக்குள் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டார் நால்வரோடு பைபாஸுக்குப் போங்கள். சாலை காலியாக இருக்கும்போது மெதுவாக ஒரு தடம் மாறுங்கள். வண்டி ஒருமுறை சாய்ந்து நிலைக்க வேண்டும், திரும்ப ஆடக்கூடாது. நேர்ச்சாலையில் கை சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருந்தால் வாங்காதீர்கள்.

விற்றவரிடம் கேட்டேன். "கஸ்டமருக்கு உயரம்தான் பிடிக்குது மேடம்" என்றார், பணம் தரவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனபோது கடை வாசலில் இன்னும் இரண்டு வண்டிகள் அதே அளவு டயரோடு நின்றிருந்தன.