மெசேஜ் எத்தனை, சந்திப்பு எத்தனை? புதுக் காதலில் பேசித் தீர்க்க மூன்று வழிகள்

புதிதாகப் பழகத் தொடங்கிய இரண்டு பேருக்குள் முதல் மனத்தாங்கல் பெரும்பாலும் "நேத்து ஏன் ஒரு மெசேஜ்கூட போடலை?" என்பதில்தான் ஆரம்பிக்கிறது. ரங்கூனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. அது போனால் சில இடங்களில் சிக்னலும் கூடவே போய்விடும். 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கை முடக்கியதிலிருந்து மெசஞ்சருக்கு விபிஎன் வேண்டும். 2024 நடுவில் அந்த விபிஎன்களையும் தடுக்க ஆரம்பித்தார்கள். பதில் வராததற்குக் காரணம் மனசா, கரண்டா என்று காத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் இந்த விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள நம்மவர்கள் கையாளும் மூன்று வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வழி, இதைப் பற்றிப் பேசாமலே விடுவது. போகப் போகப் பழகிவிடும் என்ற நம்பிக்கை. இதை நான் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் சில வாரங்களுக்கு இதுவே போதும். இரண்டு பேரின் இயல்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கடைசிவரைக்கும் போதும். இயல்பு வேறாக இருந்தால்தான் வினை. அதிகம் எதிர்பார்ப்பவர் கேட்கக் கூச்சப்பட்டு, அடையாளங்களைப் படிக்க ஆரம்பிப்பார். வைபரில் ஒரு டிக் என்றால் மெசேஜ் கிளம்பிவிட்டது, இரண்டு டிக் என்றால் அந்தப் போனில் போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டும் ஊதா நிறமானால் திறந்து பார்த்தாயிற்று. ஒரே டிக்கில் நின்றால் அங்கே போன் அணைந்திருக்கலாம், லைன் இல்லாமல் இருக்கலாம். அதற்காக மனம் வெதும்ப வேண்டியதில்லை. ஊதாவாகியும் பதில் இல்லை என்றால்கூட, கடையில் ஆள் நிற்கும்போது திறந்து பார்த்திருக்கலாம். இவ்வளவையும் ராத்திரி பதினோரு மணிக்கு யோசிக்கும் நிதானம் யாருக்கு இருக்கும்?

அடுத்து நடப்பதை உளவியலில் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்கிறார். மற்றவர் மூச்சு முட்டி ஒதுங்குகிறார். ஒதுங்குவதைப் பார்த்து முதல் ஆள் இன்னும் அதிகமாகக் கேட்கிறார். இரண்டு பேரும் தன் பக்கத்தை மட்டுமே பார்ப்பதால், எதிராளிதான் இதை ஆரம்பித்தார் என்று ஆளுக்கு ஆள் நம்புவார்கள். இந்தச் சுழலுக்குள் போயாயிற்றா என்பதை ஒரு அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்: வரும் மெசேஜ்களில் விஷயம் குறைந்து, "இருக்கீங்களா?", "என்ன ஆச்சு?" என்பவை மட்டும் பெருகியிருக்கும்.

இரண்டாவது வழி, கணக்கு வைத்துக்கொள்வது. காலையில் ஒரு மெசேஜ், ராத்திரி ஒன்பது மணிக்கு போன், ஞாயிறு தவறாமல் சந்திப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஒன்பது மணிக்குக் கரண்ட் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? விதி அடிக்கடி உடையும், உடையும்போதெல்லாம் அது குற்றமாகிவிடும். இன்னொரு பக்கம், விதிக்காகப் போடும் மெசேஜில் உயிர் இருக்காது. "சாப்டாச்சா?", "ம்ம்", "தூங்கப் போறேன்" என்று ஒரு மாதம் ஓடும். எண்ணிக்கை சரியாக இருக்கும், இருவருக்கும் நடுவே ஒன்றும் நடந்திருக்காது. ஆளுக்கொரு ஊரில் இருந்து, எந்த நாள் வர முடியும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவர்களுக்குச் சந்திப்பு அளவில் மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு. எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல், எந்த அளவுக்குக் கீழே போனால் வலிக்க ஆரம்பிக்கிறது என்று கேட்பது. முதல் கேள்விக்கு மனிதர்கள் ஆசையைச் சொல்வார்கள், அல்லது எதிராளிக்குப் பிடிக்கும் பதிலைச் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை வரும். கூடவே, மெசேஜையும் சந்திப்பையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு பிரிப்பைச் செய்யாததால்தான் பல பேர் வீணாக மல்லுக்கட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி. பெண் ரங்கூனில் கணக்கு எழுதும் வேலை. பையன் ஐம்பது மைல் தள்ளி, பெகுவில் மாமா கடையில் இருக்கிறான். அவள் நாள் முழுக்க மெசேஜ் போடுவாள். அவன் இரண்டு நாளுக்கு ஒருமுறை பதில் போடுவான். அவளுக்குத் தன்மேல் பிரியம் அதிகம், தனக்கு அந்த அளவுக்குக் காட்டத் தெரியவில்லை என்று அவன் நினைத்தான். இவனுக்கு அக்கறையே இல்லை என்று அவள் நினைத்தாள். ஒரு ஞாயிறு, கோவிலுக்குப் போய்விட்டு டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டுத் தாளில் இரண்டு எண்களை எழுதினார்கள்: எத்தனை மணி நேரம் செய்தி இல்லாவிட்டால் மனசு கெடும், எத்தனை நாள் பார்க்காவிட்டால் மனசு கெடும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கவில்லை. அது முக்கியம், இல்லாவிட்டால் இரண்டாவது ஆள் முதல் ஆளுக்கு ஏற்ப எழுதிவிடுவார்.

அவள் எழுதியது: ஒரு முழு நாள், மூன்று வாரம். அவன் எழுதியது: நாலு நாள், ஒரு வாரம். அதாவது, மெசேஜ் குறைவாகப் போடும் அவன்தான் நேரில் பார்க்க அதிகம் ஏங்கியிருக்கிறான். "நீ வரச் சொல்லவே இல்லையே, அதான் நானா வரலை" என்றான். "நீங்க கடையை விட்டு வர முடியாதுன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

அப்புறம் பேரம் எளிதாகிவிட்டது. தினமும் ராத்திரி ஒரு வரியாவது அவன் அனுப்ப வேண்டும், பகலில் பதில் வராவிட்டால் அவள் கேட்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் காலை பஸ்ஸில் வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். இடைப்பட்ட ஞாயிறு, லைன் இருந்தால் போன். அனுப்பவே முடியாத நாளுக்கும் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: கரண்ட் போய் போனில் சார்ஜ் இறங்குவது தெரிந்தால், கடைசிச் சார்ஜில் "நாளைக்கு" என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வந்துவிட்டால் அவள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த வழியும் கெட்டுப்போகும். அடிமட்டம் என்று வைத்ததே நாளடைவில் கூரையாகிவிடலாம்: அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதாமல் போவது. ஒருவர் பயந்துகொண்டு தன் எண்ணைத் தளர்த்தி எழுதியிருக்கலாம். இரண்டு வாரத்தில் சின்னச் சின்னக் குத்தல் பேச்சு வந்தால் இதுதான் காரணம். அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதிப் பார்க்க நாள் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைச் சண்டை நடந்த ராத்திரி ஆரம்பிக்காதீர்கள், மெசேஜிலும் நடத்தாதீர்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். "ஒரு நாள் பூரா சத்தம் இல்லாட்டி எனக்குப் பயமா இருக்கு" என்றால் கேட்பவருக்குப் பதில் சொல்ல இடம் இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். எங்கே இருக்கிறாய் என்று லொகேஷன் அனுப்பச் சொல்வது, பாஸ்வேர்ட் கேட்பது, தோழிகளோடு இருந்த நேரத்துக்கு விளக்கம் கேட்பது. இவை அடிக்கடி பேச வேண்டும் என்ற ஆசை போலத் தெரியும், ஆனால் அது வேறு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, ஒரு முறை உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எதிர்பார்ப்பு மட்டும் வேறாக இருப்பவர் முகம் வாடினாலும் பேரம் பேசுவார். அடக்கி வைக்க நினைப்பவர் அந்தத் தாளை வைத்தே உங்களைக் குற்றவாளி ஆக்குவார். அப்படி நடந்தால் மறுபடி எழுதிப் பார்க்க வேண்டாம், அக்காவிடமோ நம்பகமான தோழியிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.