சைன் அவுட், ஹிஸ்டரி க்ளியர், கெஸ்ட் விண்டோ: அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல எது உண்மையிலேயே வேலை செய்யுது?

தெரிஞ்சவங்க லேப்டாப்ப வாங்கி அவங்க குரோம்லயே ஜிமெயில் திறக்குறீங்க, பாஸ்வேர்ட சேவ் பண்ணவான்னு கேட்டதும் அவசரத்துல Save அமுக்கிடுறீங்கன்னு வைங்க. இப்ப அந்த மெஷின்ல உங்களோடது ரெண்டு விஷயம் தங்கியிருக்கு. ஒண்ணு நீங்க உள்ள இருக்கீங்கன்னு பிரவுசர் ஞாபகம் வச்சுக்கற லாகின் குக்கி, இன்னொண்ணு பாஸ்வேர்டு. ஒவ்வொரு வழியும் இதுல எத அழிக்குதுங்கறதுதான் கேள்வியே.

சைன் அவுட் பண்ணா லாகின் மட்டும்தான் முடியும் (டேப மூடுனா அதுகூட நடக்காது). மறுபடி ஜிமெயில் திறந்து பாருங்க, உங்க மெயில் ஐடி லிஸ்ட்ல அப்படியே நிக்கும், அத க்ளிக் பண்ணா பாஸ்வேர்டு கட்டத்துல புள்ளி புள்ளியா தானா வந்து விழுந்தா சேவ் ஆனது இன்னும் உள்ளதான் இருக்குன்னு அர்த்தம். ஐடிய அதே பக்கத்துல Remove an account கொடுத்து எடுத்துடலாம், ஆனா பாஸ்வேர்டு அதுல போகாது.

சரி, Ctrl+Shift+Delete அடிச்சு எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடலாமேன்னு நிறைய பேர் சொல்வாங்க. பொது கம்ப்யூட்டர்னா தாராளமா பண்ணலாம், ஆனா இரவல் வாங்குன லேப்டாப்ல தயவுசெஞ்சு வேணாம். குக்கிய அழிச்சா அவங்க லாகின் பண்ணி வச்ச சைட்டெல்லாமும் சேந்து போயிடும். பாஸ்வேர்டுக்கு தனி டிக் இருந்து, அவங்க டிவைஸ் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுக்கற சிங்க் ஆன்ல இருக்கறப்ப அதையும் போட்டீங்கன்னா அவங்க பாஸ்வேர்டு மொத்தமும் அவங்க போன்ல இருந்தும் சேந்தே காணாம போயிடும். அதுக்கு பதிலா அட்ரஸ் பார்ல இத அடிங்க:

```
chrome://password-manager/passwords
```

google.com-ன்னு தேடி, உங்க ஐடி இருக்கற ஒரே ஒரு வரிய மட்டும் டெலீட் பண்ணுங்க. லேப்டாப்போட பின் கேக்கலாம், அதனால அவங்க பக்கத்துல இருக்கும்போதே பண்ணிடுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வருதுன்னா, போன்ல கூகுள் அக்கவுண்ட் போய் Security-ல Your devices பாத்து அந்த லேப்டாப்ப சைன் அவுட் பண்ணலாம். ரொம்ப நல்ல வசதி, ஆனா அங்க சேவ் ஆன பாஸ்வேர்ட இது தொடாது, சிங்க் வழியா அது அவங்க அக்கவுண்டுக்கே போயிருக்கவும் வாய்ப்பிருக்கு, அதனால பாஸ்வேர்ட மாத்துறது ஒண்ணுதான் வழி.

என் ஓட்டு கெஸ்ட் விண்டோவுக்குத்தான். குரோம்ல ப்ரொஃபைல் படத்த க்ளிக் பண்ணா Guest வரும். அவங்க சேவ் பண்ணதெல்லாம் உங்களுக்கு தெரியாது, கெஸ்ட் விண்டோ எல்லாத்தையும் மூடுனதும் உங்க குக்கியும் போயிடும். இன்காக்னிட்டோவும் கிட்டத்தட்ட இதேதான், எதுலயும் ஒரு விண்டோ பின்னாடி திறந்து கிடந்தாலும் லாகின் உயிரோடதான் இருக்கும். ரெண்டுலயுமே டவுன்லோட் பண்ண ஃபைல் போகாது, அத ஃபோல்டர்ல இருந்தும் ரீசைக்கிள் பின்ல இருந்தும் நீங்கதான் அழிக்கணும். நீங்க அடிக்கற ஒவ்வொரு கீயையும் பதிவு பண்ற கீ லாகர் போட்டு வச்ச மெஷின்ல மேல சொன்ன எதுவுமே உதவாது, அதனால யாரோடதுன்னே தெரியாத கம்ப்யூட்டர்ல பேங்க் லாகின் மட்டும் பண்ணாதீங்க.