மெயிலைத் திறந்தது அனுப்பியவருக்குத் தெரியாமல் இருக்க: எந்த வழி எவ்வளவு தூரம் காக்கும்?

வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து மெயில் வருகிறது. காலை 9:14க்குத் திறந்து பார்க்கிறீர்கள், பதில் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் அவர்களிடமிருந்து போன்: "மெயில் பார்த்தீங்களா?" என்று. அவர் கேட்பது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். நீங்கள் பார்த்த நேரம் அவர் திரையில் ஏற்கெனவே இருக்கிறது.

அது அவருக்குத் தெரிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரீட் ரிசிப்ட், மற்றொன்று டிராக்கிங் பிக்சல். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒன்றை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவை வேலை செய்யும் விதம் வேறு, அதனால் தடுக்கும் விதமும் வேறு.

ரீட் ரிசிப்ட்: கேட்டு வாங்குவது

இது பதிவுத் தபாலோடு வரும் ஒப்புகை அட்டை மாதிரி. அனுப்புபவர் மெயிலின் தலைப்பகுதியில் ஒரு வரி சேர்க்கிறார்:

```
Disposition-Notification-To: hr@example.com
```

அதைப் பார்க்கும் உங்கள் மெயில் செயலி, "படித்ததாகத் தகவல் அனுப்பலாமா?" என்று உங்களைக் கேட்கும். சரி என்றால் ஒரு சிறு பதில் மெயில் போகும், வேண்டாம் என்றால் எதுவும் போகாது. அனுப்புவது உங்கள் பக்கத்துச் செயலி என்பதால் முடிவும் உங்கள் கையில்தான். வெளிப்படையாக நடப்பதால் இதில் எனக்குப் பெரிய குறை இல்லை.

சொந்த ஜிமெயில் கணக்கில் இந்த வசதியே கிடையாது. ரிசிப்ட் கேட்டு மெயில் வந்தாலும் ஜிமெயில் பதில் அனுப்பாது. அதே கணக்கை அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ இணைத்துப் படித்தால் கதை மாறும், ஏனென்றால் அங்கே முடிவெடுப்பது அந்தச் செயலி. தண்டர்பேர்டில் `Return Receipts` என்ற பொத்தானுக்குள் `Never send a return receipt` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய அவுட்லுக்கில் `File > Options > Mail` போய், `Tracking` பகுதியில் `Never send a read receipt`.

அலுவலக மெயிலில் மட்டும் கவனம் தேவை. கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்காக இருந்தால், உங்களைக் கேட்டு அனுப்புவதா கேட்காமலே அனுப்புவதா என்று நிர்வாகி முடிவு செய்யலாம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வழியாக இயங்கும் அலுவலகங்களில் இன்னொன்றும் நடக்கும்: ரிசிப்ட் கேட்ட மெயிலைத் திறக்காமலே அழித்தால், "படிக்காமல் அழிக்கப்பட்டது" என்று அனுப்பியவருக்குத் தகவல் போய்விடக்கூடும். அதனால் அலுவலகக் கணக்கில் "ஒவ்வொரு முறையும் கேள்" என்று வைப்பதே நல்லது. மேலாளர் கேட்கும் ஒப்புகையை எப்போதும் மறுப்பது தேவையில்லாத மனவருத்தத்தில் கொண்டுபோய் விடும்.

பிக்சல்: கேட்காமல் எடுப்பது

சிக்கல் இங்கேதான். மெயிலின் எச்டிஎம்எல்லில் இப்படி ஒரு வரி ஒளிந்திருக்கும்:

```
<img src="https://t.example.com/o/k7Qm42xz.gif" width="1" height="1">
```

ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், நிறமே இல்லாத படம். கண்ணுக்குத் தெரியாது. இதில் படம் முக்கியமில்லை, `k7Qm42xz` என்ற அந்தப் பெயர்தான் முக்கியம். ஆயிரம் பேருக்கு மெயில் போனால் ஆயிரம் வெவ்வேறு பெயர்கள் போகும். உங்களுக்கு வந்தது உங்களுக்கு மட்டும்தான் வந்தது. உங்கள் செயலி அந்தப் படத்தைக் கேட்ட நொடியில், எந்த மெயில், எத்தனை மணிக்கு, எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தச் செயலியில் என்பதெல்லாம் அவர்கள் சர்வரில் பதிவாகிவிடும். ஐபியிலிருந்து ஊரை ஓரளவு ஊகிக்கலாம்.

பெரும்பாலும் விளம்பர மெயில்களில்தான் இது இருக்கிறது, ஆனால் அங்கே மட்டும் இல்லை. 2006இல் எச்பி நிறுவனத்தின் ரகசியம் பத்திரிகைக்குக் கசிந்தபோது, அவர்கள் அமர்த்திய துப்பறிவாளர்கள் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் செய்தியாளர் ஒருவருக்குக் கண்காணிப்பு பொருத்திய மெயிலை அனுப்பினார்கள். அவர் அதை யாருக்கு ஃபார்வேர்டு செய்கிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். 2019இல் சூப்பர்ஹியூமன் என்ற மெயில் செயலி, அனுப்பியவருக்கு மெயில் திறக்கப்பட்ட இடத்தையும் காட்டியது. எதிர்ப்பு கிளம்பியபின் இடம் காட்டுவதை எடுத்துவிட்டார்கள். படித்த நிலை காட்டுவதையும் தானாக இயங்காதபடி மாற்றினார்கள்.

ஒரே மெயில், நான்கு விதமான தடுப்பு

அந்த 9:14 மெயிலையே எடுத்துக்கொள்வோம். எந்தச் செயலியில் திறந்தால் அனுப்பியவருக்கு என்ன தெரியும்?

*எந்தத் தடுப்பும் இல்லாத செயலி.* நேரம், உங்கள் ஐபி, செயலியின் பெயர், எல்லாமே போய்விடும். மாலையில் வீட்டில் மறுபடி திறந்தால் அதுவும் வேறு ஐபியோடு பதிவாகும்.

*ஜிமெயில், மாற்றாத செட்டிங்ஸில்.* 2013 டிசம்பர் முதல் கூகுள் எல்லாப் படங்களையும் தன் சர்வர் வழியாகக் கொண்டுவந்து காட்டுகிறது. அனுப்பியவரின் பதிவில் உங்கள் ஐபி இருக்காது. `GoogleImageProxy` என்ற பெயர்தான் இருக்கும். ஊர் தெரியாது, போனா கணினியா என்றும் தெரியாது. ஆனால் நீங்கள் திறக்கும்போதுதான் கூகுள் அந்தப் படத்தைக் கேட்கப் போகிறது, அதனால் 9:14 என்ற நேரம் அப்படியே தெரிந்துவிடும். "கூகுள்தான் ப்ராக்ஸி போட்டுவிட்டதே, இனி கவலையில்லை" என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். இடம் மறைகிறது, திறந்தது மறையவில்லை. போன் அடிக்க அவர்களுக்கு அது போதும்.

*ஆப்பிள் மெயில்.* 2021இல் ஐஓஎஸ் 15 உடன் வந்த `Protect Mail Activity` வேறு வழியில் போகிறது. நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், மெயில் வந்தபின் பின்னணியில் எல்லாப் படங்களையும் ஆப்பிள் முன்கூட்டியே எடுத்துவைத்துவிடும். அதுவும் இடையில் இரண்டு சர்வர்கள் வழியாக. அதனால் அனுப்பியவர் பதிவில் அதிகாலை 6:02க்கே "திறக்கப்பட்டது" என்று விழலாம். 9:14க்கு ஒன்றும் விழாது. தகவலைத் தடுப்பதற்குப் பதிலாக அதைப் பயனற்றதாக்குகிறார்கள், இது புத்திசாலித்தனமான வழி. படங்களும் வழக்கம்போலத் தெரியும். இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஆப்பிளின் சொந்த மெயில் செயலியில் மட்டுமே இது வேலை செய்யும். ஐபோனில் ஜிமெயில் செயலியைப் பயன்படுத்தினால் மேலே சொன்ன ஜிமெயில் கதைதான். இரண்டு, படம் கேட்கப்பட்டுவிட்டதால் இந்த முகவரி உயிரோடு இருக்கிறது என்பதாவது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.

*படத்தையே எடுக்காத செயலி.* தண்டர்பேர்டு தொடக்கத்திலிருந்தே வெளிப் படங்களைக் கேட்பதில்லை. மேலே ஒரு பட்டை வரும், நீங்கள் சொன்னால்தான் படம் வரும். அனுப்பியவர் பதிவில் ஒரு வரிகூட இருக்காது. நீங்கள் ஊருக்குப் போயிருக்கிறீர்களா, மெயில் ஸ்பாமில் விழுந்ததா, படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்களா, எதையும் அவரால் சொல்ல முடியாது.

என் தேர்வு இந்தக் கடைசி வழிதான். "திறந்தார்" என்ற செய்தியை முழுமையாக மறைப்பது இது ஒன்றுதான். இதற்காக ஜிமெயிலை விட்டு வெளியேற வேண்டியதும் இல்லை. கணினியில் `See all settings > General > Images` போய் `Ask before displaying external images` என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடியில் `Save Changes` அழுத்துங்கள். போனில் உள்ள ஜிமெயில் செயலியிலும் உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் `Images` என்ற இடத்தைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஐபோனில் ஆப்பிள் மெயில்தான் என்றால் `Protect Mail Activity` இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். படமே வேண்டாம் என்பவர்கள் அதை அணைத்துவிட்டு `Block All Remote Content` போடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ரயில் டிக்கெட், வங்கி அறிக்கை போன்றவை லோகோ இல்லாமல் மொட்டையாகத் தெரியும். எழுத்து எல்லாம் இருக்கும், அதனால் பெரும்பாலும் படத்தைத் திறக்கத் தேவையே வராது. படம் இல்லாமல் புரியாத மெயில் என்றால் அது அநேகமாக விளம்பரமாகத்தான் இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: படங்களைக் காட்டச் சொன்னால், மற்ற படங்களோடு பிக்சலும் சேர்ந்தே வந்துவிடும். பழைய அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. படம் தடுக்கப்பட்ட மெயிலுக்குப் பதில் எழுதவோ ஃபார்வேர்டு செய்யவோ போனால் அப்போது படங்கள் இறங்கிவிடலாம். `Trust Center` அமைப்பில் `Automatic Download` பகுதியில் இதற்கு முன் எச்சரிக்கை கேட்கும் தேர்வு இருக்கிறது, அது டிக் ஆகியிருக்கட்டும்.

புரோட்டான் மெயில், டக்டக்கோவின் மெயில் பாதுகாப்பு போன்றவை நடுவழி. தெரிந்த டிராக்கர்களை மட்டும் நீக்கிவிட்டு மற்ற படங்களைக் காட்டுகின்றன. வசதியானவைதான், ஆனால் "தெரிந்த" என்பதில்தான் எல்லை இருக்கிறது. ஒருவர் தன் சொந்த சர்வரில் புதிதாக ஒரு பிக்சல் வைத்தால் பட்டியலில் அது இருக்காது.

உங்கள் மெயிலில் இருக்கிறதா என்று பார்க்க

ஜிமெயிலில் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` அழுத்தினால் மூல வடிவம் வரும். அங்கே `width="1"` என்று தேடினால் பல நேரம் கிடைக்காது, ஏனென்றால் மெயிலுக்கான குறியாக்கத்தில் அது `width=3D"1"` என்று மாறியிருக்கும். அப்படித் தேடுங்கள். மெயில் முழுவதும் புரியாத எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தால் அது பேஸ்64 என்ற வேறொரு குறியாக்கம். அப்போது தேடல் பயன்படாது. சில பிக்சல்களுக்கு அளவே குறிப்பிட்டிருக்காது, சில சமயம் மேலே இருக்கும் லோகோ படமே கண்காணிப்பு வேலையைச் செய்யும். ஆகவே ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை வைத்து மெயில் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது.

அமைப்பு வேலை செய்கிறதா என்பதை நேராகச் சோதிக்கலாம். `canarytokens.org` தளத்தில் `Web bug` வகை டோக்கன் ஒன்றை உருவாக்குங்கள். ஒரு இணைப்பு கிடைக்கும், அதை எந்தச் செயலி கேட்டாலும் உங்களுக்கு எச்சரிக்கை மெயில் வரும். தண்டர்பேர்டில் புதிய மெயில் எழுதும்போது `Insert > HTML` வழியாக இதைச் சேர்த்து, உங்களுக்கே அனுப்புங்கள்:

```
<img moz-do-not-send="true" src="டோக்கன் இணைப்பு">
```

எழுதும்போதே ஒரு முறை பதிவாகலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறம் போனில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள். எச்சரிக்கை மெயில் வந்தால் அதில் நேரமும் ஐபியும் இருக்கும். அந்த ஐபி உங்களுடையதா, கூகுளுடையதா என்று பார்த்தாலே எந்தச் சாதனத்தில், எந்தச் செயலியில் ஓட்டை என்பது தெரிந்துவிடும். ஒரே கணக்கை இரண்டு செயலிகளில் வைத்திருப்பவர்களுக்கு அநேகமாக மறந்துபோன இரண்டாவது செயலியிலிருந்துதான் வரும்.

மெயிலில் உள்ள இணைப்புகளை இவை எதுவும் தடுக்காது. விளம்பர மெயிலில் வரும் இணைப்புகள் பெரும்பாலும் உங்களுக்கென்று உருவாக்கப்பட்ட தனி முகவரி வழியாகச் சுற்றிப் போகும். சொடுக்கினால், படம் தடுத்திருந்தாலும், நீங்கள் படித்தது பதிவாகிவிடும். அந்த வேலை நிறுவனத்தின் மெயிலாக இருந்தால், அவர்களின் தளத்தைப் பிரவுசரில் நேராகத் தட்டச்சு செய்து போய் விவரத்தைப் பாருங்கள்.