'எங்களைப் பற்றி' வீடியோவுக்கு 8,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ஏமாந்தேன்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு மரச்செக்கு இருக்கிறது. வெளியூர் ஆர்டருக்காக வெப்சைட் போட்டோம். அதில் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் நானே ஒரு நிமிடம் பேசி ஒரு வீடியோ போடலாம் என்றான் தம்பி. தெரிந்தவர் மூலமாக ஒரு ஆள் வந்தார். 15,000 பேசி, 8,000 முன்பணம் கொடுத்தோம். பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வந்த அன்று ட்ரோன் இருந்தது, பெரிய கேமரா இரண்டு இருந்தது. சட்டையில் மாட்டுகிற காலர் மைக் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "கேமராவிலேயே மைக் இருக்குதுங்க்கா" என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எட்டடி தள்ளி கேமரா, மேலே தகரக் கூரை, பக்கத்தில் செக்கு மோட்டார். "அதெல்லாம் எடிட்ல சரி பண்ணிக்கலாம்" என்றார். மோட்டாரின் ஒரே சீரான இரைச்சலை எடிட்டில் ஓரளவு குறைக்கலாமாம். தகரத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி பேச்சோடு கலந்துவிட்டால் அதைப் பிரிப்பது பெரும்பாடு. எனக்கு வந்த வீடியோவில் நான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தேன்.

அப்புறம் அவர் எழுதிவந்த வசனம். ஒரு முழுப்பக்கம். "பாரம்பரியமும் தரமும் கைகோர்க்கும் இடம்" என்று நான் வாழ்க்கையில் யாரிடமும் பேசியதில்லை. மனப்பாடமாகவில்லை என்றதும் காகிதத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தார். வீடியோவில் என் கண் வரிக்கு வரி ஓடுகிறது, ஏதோ பொய் சொல்கிற ஆள் மாதிரி. முகத்தின் மேல் கருப்புப் பட்டைகள் வேறு ஊர்ந்தன. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பட்டை வராது. இதைத் தம்பி பிறகு தேடிக் கண்டுபிடித்தான். தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

மொத்தம் மூன்று நிமிடம். என் முகம் வருவதற்கே நாற்பது விநாடி ஆனது. அதுவரை தென்னந்தோப்பு மேல் ட்ரோன்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஃபைலில். எனக்கு வாட்ஸப்பில் ஒரு காப்பி அனுப்பினார், அது சுருங்கி மங்கலாக வந்தது. வெப்சைட்டில் வைக்க யூடியூப் லிங்க் கொடுத்தார், ஆனால் வீடியோ இருந்தது அவருடைய சேனலில். சத்தத்தைச் சரிசெய்யாமல் மீதி 7,000 தரமாட்டேன் என்றேன். மறுநாள் அதை பிரைவேட் ஆக்கிவிட்டார். பதினொரு நாள் எங்கள் பக்கத்தில் கருப்புக் கட்டம்தான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "கடையை மூடிட்டீங்களா கண்ணு?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

சரி என்று தம்பியின் போனிலேயே எடுத்தோம். ஆயிரத்துக்குள் ஒரு வயர் காலர் மைக் வாங்கினோம். போனில் இயர்போன் ஓட்டை இல்லாததால் டைப்-சி பின் வைத்தது. ஷெட்டை விட்டுவிட்டு எள் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்கு வந்தோம். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. மோட்டார், ஃபேன், டியூப் லைட் மூன்றையும் அணைத்து, காலை ஒன்பது மணி வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்துச் சற்றுச் சாய்வாக உட்கார்ந்தேன். போனின் பின்பக்க கேமரா, ஸ்டாண்டில் என் கண் உயரத்துக்கு. மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே. முதலில் சேலை மடிப்புக்குள் மாட்டியதில் சரசரவென்று உரசல் கேட்டது. வெளி ஓரத்தில் மாட்டியதும் போய்விட்டது. பத்து விநாடி பேசி, இயர்போனில் கேட்டுப் பார்த்ததால் அது பிடிபட்டது.

வசனம் எழுதவில்லை. அட்டையில் நாலே குறிப்புகள்: பேர், ஊர், என்ன ஆட்டுகிறோம். அப்பா எப்படி ஆரம்பித்தார். கொப்பரையை ஏன் நானே உடைத்துப் பார்த்து வாங்குகிறேன். ஆர்டர் எப்படிக் கொடுப்பது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, அட்டையைக் கீழே வைத்து, போனுக்குப் பின்னால் நின்ற தம்பியிடம் சொல்வதுபோல நினைத்துக்கொண்டு லென்ஸைப் பார்த்துப் பேசினேன். தவறினால் அந்தக் குறிப்பை மட்டும் மறுபடி எடுத்தோம். ஒட்டியதும் ஒரு நிமிடம் பத்து விநாடி வந்தது. சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகக் கீழே எழுத்தும் போட்டு, எங்கள் சேனலிலேயே ஏற்றினோம்.

ஆள் வைத்து எடுப்பதானால் முன்பணத்துக்கு முன்னால் மூன்றை எழுதி வாங்குங்கள்: காலர் மைக் கொண்டுவருவார், முழு ஃபைலைப் பென்டிரைவில் தருவார், உங்கள் சேனலில்தான் ஏற்றுவார்.

மீதிப் பணம் கேட்டு இன்னும் மெசேஜ் வருகிறது. ஒரிஜினல் ஃபைலோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறேன்.