டான்சில் டிஸ்சார்ஜ் சீட்டு: ‘வலித்தால் போடவும்’ என்பதா, மணி குறித்துக் கொடுப்பதா?

டான்சில் எடுத்த பெரியவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று அச்சடித்த படிவம்: மென்மையான உணவு, வலித்தால் பாராசிட்டமால், ஒரு வாரம் கழித்து வரவும். இன்னொன்று தேதியும் மணியும் போட்டு நோயாளியின் மொழியில் எழுதுவது. படிவம் ஒரு நிமிட வேலை. ஆனாலும் நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

காரணம் வலி மாத்திரைதான். ‘வலித்தால்’ என்று எழுதினால், பொறுக்க முடியாமல் போகும்வரை பலர் மாத்திரையைத் தொடுவதில்லை. அதற்குள் எச்சில்கூட விழுங்க முடியாது. தண்ணீர் குறைகிறது, தொண்டை காய்கிறது, வலி இன்னும் ஏறுகிறது. பெரியவர்களுக்கு மூன்றாம், நான்காம் நாளுக்கு மேல் வலி கூடுவதும், காதுவரை இழுப்பதும் சகஜம். படிவத்தில் இது இருக்காது, ஆள் பயந்துபோவார்.

60 கிலோ எடையுள்ள, கல்லீரல் கோளாறு இல்லாத ஒருவருக்கு மே 3 அன்று அறுவை என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதுவது: பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு மாத்திரை, காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. வலி இல்லாவிட்டாலும் போட வேண்டும். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதால் அதைச் சேர்க்க வேண்டாம். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். ஐபுபுரூஃபென் சேர்ப்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் எழுதுவதில்லை. ஆஸ்பிரின் யாரும் தானாகப் போடக் கூடாது.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை. இட்லி, குழைந்த சாதம், தயிர் சரி. முறுக்கும் காரமும் புளிப்பும் இரண்டு வாரம் வேண்டாம். கஞ்சியோடு நிற்காமல் மென்று சாப்பிடச் சொல்கிறேன். ஆனால் அதனால் ரத்தக்கசிவு வராது என்று சொல்ல மாட்டேன்.

அந்த ரத்தக்கசிவுக்குத்தான் தேதி தேவை. தாமதமாக வருவது பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள். இவருக்கு அது மே 8 முதல் 13 வரை. ‘ஒரு வாரம் கழித்து’ என்ற தேதி அதன் நடுவில் விழுகிறது. பலர் அதற்குள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் இரவிலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் கிடைக்கும் மருத்துவமனையின் பெயரையும் சீட்டில் குறிக்கிறேன்.

தொண்டையில் வெள்ளை அல்லது மஞ்சள் படலம் தெரிந்தால் அது சீழ் அல்ல, சுரண்ட வேண்டாம். புதிய சிவப்பு ரத்தம் எவ்வளவு வந்தாலும், தானே நின்றாலும், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் வீட்டார் எழுப்பி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்க வேண்டும். ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து உட்கார்ந்து துப்ப வேண்டும். விழுங்கவோ சாப்பிடவோ கூடாது. நிற்காமல் வந்தால் 108.